பெறுநர் எதைப் பெறுகிறார்?

“சொத்து இணைக்கப்பட்டு, பெறுநர் நியமிக்கப்பட்டார்.” நீதிமன்ற உத்தரவுகளின் மொழிபெயர்ப்புகளில் இந்த வரியை எத்தனை முறை படித்துவிட்டேன்! சொத்தை எதோடு இணைத்தார்கள்? விடுப்புக் கடிதத்தில் அனுப்புநருக்குக் கீழே எழுதினோமே, அந்தப் பெறுநரா இவர்?

முதலில் ‘இணைப்பு’. மின்னஞ்சலோடு போகும் கோப்புக்குத்தான் அது பொருந்தும். நீதிமன்றம் செய்வது ‘அட்டாச்மெண்ட்’. நம் ஊரில் ஜப்தி என்போம். அரபி வேரில் பிறந்து உருது வழியாக வந்த சொல். இறுகப் பிடித்தல் என்று பொருள். தமிழில் ‘பற்றுகை’ அதே பொருளைத் தருகிறது. தீர்ப்புக்கு முன்பே செய்தால் முன்பற்றுகை என்பேன்.

சிலர் இதைப் ‘பறிமுதல்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். பற்றுகையில் வீடு கைமாறுவதில்லை, பிரதிவாதி அங்கேயே குடியிருக்கலாம். விற்கவோ அடமானம் வைக்கவோதான் முடியாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 38ஆம் கட்டளை, 5ஆம் விதி முன்பற்றுகைக்கானது. கடன் பாக்கி இருக்கிறது என்பது மட்டும் போதாது. வரப்போகும் தீர்ப்பாணையை ஏய்க்கும் நோக்கத்தோடு சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்று வாதி காட்ட வேண்டும். பிரதிவாதி தக்க பிணை கொடுத்துவிட்டால் பற்றுகை நீங்கும்.

இனி என் உண்மையான கோபம். அண்ணன் தம்பிக்குள் தென்னந்தோப்புப் பாகப்பிரிவினை வழக்கு என்று வையுங்கள். தோப்பு அண்ணன் கையில். காய்களை வெட்டி விற்கிறார், தம்பிக்குக் கணக்கும் இல்லை, காசும் இல்லை. மோட்டார் பழுதாகி மரங்கள் காய்கின்றன. இங்கே பற்றுகை உதவாது, ஏனென்றால் அது மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சாது. 40ஆம் கட்டளைப்படி நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ‘ரிசீவர்’ ஆக்குகிறது. இவரைத்தான் பெறுநர் என்று மொழிபெயர்க்கிறார்கள். அவர் மோட்டாரைப் பழுதுபார்த்து, காய்க் குத்தகையை ஏலம் விட்டு, பணத்தை நீதிமன்றத்தில் கட்டி, கணக்குத் தாக்கல் செய்கிறார். வேண்டுமென்றே கடமை தவறி நட்டம் வந்தால் அவரே ஈடுகட்ட வேண்டும்.

ஆங்கிலேயர் வாடகை வரவைப் பெறுகிறவர் என்று பெயர் வைத்தார்கள், சரி. நாம் வினையை மட்டும் பெயர்த்தால் தனக்கே வாங்கிக்கொள்கிறவர் ஆகிவிடுகிறார். ‘பெறுநர் தோப்பைப் பெற்றுக்கொண்டார்’ என்று படிக்கும் தம்பிக்கு நெஞ்சு பதறாதா? சொத்து ரிசீவருடையது ஆகிவிடவில்லை, வாதியுடையதும் ஆகிவிடவில்லை; நீதிமன்றத்தின் காவலில் இருக்கிறது. எனவே ‘நீதிமன்றப் பொறுப்பாளர்’ என்பதே தெளிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் அறநிலையத் துறையில் கோயிலைக் கவனிக்க நியமிக்கப்படுகிறவருக்குத் ‘தக்கார்’ என்ற சொல் எவ்வளவு இயல்பாக ஊன்றிவிட்டது! அப்படி யோசிக்க மனமில்லாதவர்கள் ரிசீவர் என்றே எழுதட்டும். ‘தோப்புக்கு ரிசீவர் போட்டிருக்கிறார்கள்’ என்றால் ஊரில் எல்லாருக்கும் புரிகிறது.