பரிசுச்சீட்டு அன்று, அன்பளிப்புச் சீட்டு

துணிக்கடை ஒன்றின் ஆண்டறிக்கைத் தமிழாக்கத்தை மெய்ப்புப் பார்த்தபோது, கடை பிறருக்குத் தீர்க்கவேண்டிய கடன்களைக் காட்டும் பொறுப்புகள் என்ற தலைப்பின்கீழ் 'நிலுவைப் பரிசுச்சீட்டுகள்' என்று ஒரு வரி இருந்தது. கிஃப்ட் வவுச்சரை இப்படிப் பெயர்ப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கணக்கிலும் அது புகுந்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

வவுச்சர் என்பது 'அழைத்தல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். சாட்சிக்கு அழைப்பதைக் குறித்தது, பின்னர் சான்றாக நிற்கும் தாளையும் குறித்தது. செலவுக்குச் சான்றான தாளைக் கணக்கர்கள் வவுச்சர் என்பது இதனால்தான். அதைச் சான்றுச்சீட்டு எனலாம். ஆனால் அது நடந்து முடிந்த செலவைக் காட்டுவது. கிஃப்ட் வவுச்சரோ இனிமேல் நடக்கவேண்டிய விற்பனைக்கானது.

பரிசுச்சீட்டு என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது லாட்டரி. குலுக்கலில் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் ஒன்றுமில்லை. கிஃப்ட் வவுச்சருக்கோ ஒருவர் முழுப்பணமும் கட்டிவிட்டார். சீட்டைக் கொண்டுவருபவருக்குத் துணி கொடுத்தே தீரவேண்டிய கடன் கடையின்மேல் நிற்கிறது. அந்தக் கடனைத்தான் 'பரிசு' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

முகமதிப்பு 1,000 உள்ள 100 சீட்டுகளை ஒரு கடை விற்றதாகக் கொள்வோம். கைக்கு வந்த 1,00,000 அன்றைய வருமானம் ஆகாது, பொறுப்பாகவே பதிவாகும். பழைய விற்பனைகளைப் பார்த்து, 10,000 மதிப்புள்ள சீட்டுகள் திரும்பி வரமாட்டா என்று கடை நம்பத்தக்க வகையில் கணித்திருக்கிறது. முதல் ஆண்டில் 45,000 மதிப்புக்குத் துணி வாங்கப்பட்டால், அது வரவேண்டிய 90,000-இல் பாதி. ஆகவே வராத 10,000-இலும் பாதியான 5,000 வருமானத்தில் சேரும். வருமானம் 50,000, மீதிப் பொறுப்பு 50,000. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15 சொல்லும் முறை இது. அப்படிக் கணிக்க முடியாத கடை, சீட்டு காலாவதியாகும்வரையோ அதைக் கொண்டுவரும் வாய்ப்பு மிக அரிதாகும்வரையோ காத்திருக்கவேண்டும். கோரப்படாத தொகையை அரசிடம் ஒப்படைக்கச் சட்டம் பணிக்கும் இடத்தில் அது ஒருபோதும் வருமானமாகாது.

ஆங்கிலத்தில் பிரேக்கேஜ் எனப்படும் இந்த வராத பங்கை அதே மொழிபெயர்ப்பாளர் 'உடைப்பு' என்று எழுதியிருந்தார். எது உடைந்தது? 'கோரப்படாத் தொகை' என்றால் எல்லாருக்கும் விளங்கும். 'சீட்டை மீட்டல்' என்று எழுதுவதும் பொருந்தாது. மீட்பது அடகு வைத்த நகையை. சீட்டைக் கொடுத்துத் துணி வாங்குவதை 'பயன்படுத்துதல்' என்றால் போதும்.

அன்பளிப்பு என்றாலும் கடை இலவசமாகக் கொடுப்பதாகத் தோன்றாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்பளிப்பு என்பது வாங்குபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு. கடைக்கு அது முன்பணம். ஆகவே சீட்டின்மேல் 'அன்பளிப்புச் சீட்டு' என்றும், கணக்கேட்டில் 'அன்பளிப்புச் சீட்டு முன்பணம்' என்றும் எழுதவேண்டும். அந்த அறிக்கையின் வரியையும் அப்படியே திருத்தி அனுப்பினேன்.