பட்ஜெட் வெட்டைத் தொழிலாளரிடம் சொல்லும்போது எதை முதலில் சொல்ல வேண்டும்?

திருநெல்வேலி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு மனிதவள ஆலோசகராகச் சென்றுவரும் எனக்கு, ஆண்டு நடுவில் செலவுக் குறைப்பு அறிவிக்கப்படும் காலங்களில் மேற்பார்வையாளர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "முடிவு நான் எடுத்தது இல்லை, ஆனால் என் ஆட்களிடம் நான்தான் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது?" பெரும்பாலோர் இதைப் பேச்சுத்திறமை பற்றிய கேள்வி என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், பேச்சு சரியாக அமைவதும் அமையாமல் போவதும் பேசுவதற்கு முந்தைய நாள் போடும் கணக்கில்தான் இருக்கிறது.

விளக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள் ஒப்பிடப்பட்டன. ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால், ஆட்களை நிறுத்துவதற்குப் பதிலாக இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்கு 15 சதவீதம் சம்பளம் குறைக்கப்பட்டது, மூன்றாவதில் குறைக்கப்படவில்லை. ஓர் ஆலையில் கணக்குகளைக் காட்டி, வருத்தத்தைத் தெரிவித்து, கேள்விகளுக்கு இடம் கொடுத்து சுமார் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். குறைத்த தொகை ஒன்றே என்றாலும், சுருக்கமாகச் சொன்ன ஆலையில் பொருள் திருட்டும் வேலையை விட்டுப் போனவர்களும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. ஆகவே, "எப்படிச் சொன்னாலும் வெட்டு வெட்டுதானே" என்பது சரியல்ல.

கங்கைகொண்டான் சிப்காட்டில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். பிரிவில் 9 நிரந்தரத் தொழிலாளர்கள், 2 ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆண்டுக்கு 48 லட்சமாக இருந்த பராமரிப்பு பட்ஜெட், ஜூலை இறுதியில் 36 லட்சமாகக் குறைக்கப்பட்டது. வெட்டப்பட்ட 12 லட்சத்தில் இயந்திரம் ஒன்றின் முழுப் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டதில் 4 லட்சமும், பயிற்சி, பயணச் செலவுகளில் 2 லட்சமும் போயின. மீதி, ஆகஸ்ட் முதல் மார்ச் வரையிலான எட்டு மாத ஓவர்டைம் 3.6 லட்சம், ஒப்பந்தத் தொழிலாளர் இருவரின் செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான சம்பளம் 2.4 லட்சம்.

மேற்பார்வையாளர் முதலில் எழுதி வைத்திருந்த குறிப்பு "நமது பிரிவுக்கு 25 சதவீதம் பட்ஜெட் குறைக்கப்பட்டுள்ளது" என்று தொடங்கியது. இதைக் கேட்கும் தொழிலாளிக்குத் தன் வீட்டில் என்ன குறையும் என்று தெரியாது. தெரியாததால் மோசமானதையே கற்பனை செய்வார். நாங்கள் உட்கார்ந்து கணக்கிட்டோம். எட்டு மாதத்துக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 45,000 ரூபாய். ஒன்பது பேருக்கு வகுத்தால் ஆளுக்குச் சராசரியாக 5,000 ரூபாய். இதுதான் செய்தி. சீட்டுப் பணமோ வண்டித் தவணையோ ஓவர்டைமை நம்பிக் கட்டுகிற வீடுகளில் இந்த ஐயாயிரம்தான் துண்டு விழப்போகிறது என்பதால், கூட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே அது வர வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது வரிசை. வேலையை இழக்கப்போகும் இருவரும் அந்தச் செய்தியைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. ஒப்பந்தக்காரரின் போன் வழியாகவும் கேட்கக் கூடாது. சட்டப்படி ஒப்பந்தக்காரரே அவர்களுடைய முதலாளி என்றாலும், தினமும் வேலை வாங்கியவர் இந்த மேற்பார்வையாளர்தான். அதனால் காலை பதினொரு மணிக்கு, ஒப்பந்தக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினார். கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 31 என்பதும், பி.எஃப். கணக்கில் வேலை விட்ட தேதியை ஒப்பந்தக்காரர் பதிவு செய்துவிடுவார் என்பதும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டன. அந்தத் தேதி ஏறாவிட்டால் பணம் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். இ.எஸ்.ஐ. பற்றியும் சொன்னோம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் 78 நாட்களுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், வேலை நின்றாலும் அதற்குரிய மருத்துவ வசதி அடுத்த ஆண்டு ஜூன் வரை உண்டு. இருவரில் ஒருவரின் மனைவி நிறைமாதம். அவருக்கு ஆறுதல் வார்த்தைகளைவிட இந்தத் தகவல்தான் பெரிதாகப் பட்டது.

முழுப் பிரிவின் கூட்டத்தை இரண்டு ஷிப்டும் சந்திக்கிற ஒன்றரை மணிக்கு, புதன்கிழமை வைத்தோம். ஒரு ஷிப்டுக்கு இன்றும் மற்றதற்கு நாளையும் சொன்னால், கம்பெனி பஸ் ஜங்ஷன் வந்து சேர்வதற்குள் செய்தி வேறு உருவம் எடுத்துவிடும். சனிக்கிழமை மாலையைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு: கேட்க ஆளில்லாமல் ஒரு ஞாயிறு முழுவதும் அதைச் சுமக்க வைப்பது கொடுமை.

மேற்பார்வையாளர் இப்படித் தொடங்கினார்: "ஒரு வருத்தமான செய்தி சொல்லத்தான் கூப்பிட்டேன். இந்த மாதம் தொடங்கி மார்ச் வரை ஓவர்டைம் கிடையாது. ஆளுக்கு மாதம் சுமார் ஐயாயிரம் குறையும். ஒப்பந்தத்தில் இருக்கிற நம் தம்பிமார் இருவருக்கும் ஆகஸ்டோடு வேலை முடிகிறது. அவர்களிடம் காலையிலேயே பேசிவிட்டேன்." அதன்பின் அவர் பேசாமல் நின்றார். இந்த இடைவெளியை நிரப்பத் துடிப்பதே பலர் செய்யும் தவறு. அதிர்ச்சியில் இருப்பவர் அப்போது சொல்லப்படும் காரணங்களைக் காதில் வாங்கமாட்டார். முதலில் கேட்டவர் மூத்த பிட்டர்: "என்ன சார் சொல்லுதிய, அப்ப தீவாளி போனஸ் உண்டா இல்லையா?"

எங்கள் பகுதியில் ஆகஸ்டில் எந்த வெட்டைச் சொன்னாலும் மனம் முதலில் போவது அங்கேதான். தகுதியுள்ளவர்களுக்குச் சட்டம் விதித்திருக்கும் குறைந்தபட்ச 8.33 சதவீத போனஸ் பட்ஜெட்டைப் பொறுத்ததல்ல என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. அடிப்படைச் சம்பளமும் தொடப்படவில்லை. எது குறையவில்லை என்பதைச் செய்தியைத் தணிக்கும் சர்க்கரையாக முன்னால் வைக்காமல், கேள்வி எழும்போது முழுமையாகச் சொல்வது நல்லது. அதற்குப் பிறகுதான் காரணத்துக்கு வந்தார்: இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் விலகியதையும், மாதவாரி ஆர்டர் எண்ணிக்கையையும் சுவரில் ஒட்டிக் காட்டினார்.

"மேலிடம் முடிவு பண்ணிட்டாங்க, என் கையில் ஒன்றும் இல்லை" என்று நழுவுவதை நான் ஏற்பதில்லை. அது பாதி உண்மைதான் என்றாலும், கேட்பவருக்குத் தன்னைப் பற்றி வாதாட யாருமே இல்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. முடிவு தன்னுடையது அல்ல என்பதையும், ஒப்பந்தத் தொழிலாளர்களை மார்ச் வரை வைத்துக்கொள்ளக் கேட்டு ஆகஸ்ட் வரை மட்டுமே பெற முடிந்தது என்பதையும், எஞ்சியதைத் தான் நடத்தப்போகிறார் என்பதையும் அவர் சொன்னார்.

மிகக் கடினமான கேள்வி கடைசியில் வந்தது: இனிமேலும் வெட்டு வருமா? "வராது" என்று சொல்லிவிட மனம் துடிக்கும். அந்த வாக்குறுதி ஒருமுறை பொய்த்தால், பின்னர் அவர் சொல்லும் நல்ல செய்தியையும் யாரும் நம்பமாட்டார்கள். "எனக்குத் தெரியாது. ஜனவரியில் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். ஜனவரி 10ஆம் தேதி முடிவைச் சொல்கிறேன், அன்று முடிவு வரவில்லை என்றாலும், வரவில்லை என்பதையே வந்து சொல்கிறேன்" என்றார்.

இன்னொன்று, பெரும்பாலும் விடுபடுவது. ஆட்களும் நேரமும் குறையும்போது எந்த வேலை நிற்கும் என்று சொல்லாவிட்டால், பழைய வேலை முழுவதையும் ஒன்பது பேர் சம்பளமில்லாத நேரத்தில் செய்ய வேண்டும் என்று ஆகிவிடும். இங்கே, பாதுகாப்பு தொடர்பில்லாத இரவுப் பழுதுகள் காலை ஷிப்ட் வரை காத்திருக்கும் என்று உற்பத்திப் பிரிவிடம் கூட்டத்துக்கு முந்தைய நாளே எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தோம். ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேசியபோது, தவணைத் தொகையைக் குறைக்கக் கேட்டு வங்கியில் காட்டச் சம்பளச் சான்று வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். அன்றே எழுதிக் கொடுக்கப்பட்டது.