ஷெட்டின் 3டி படத்தில் அடிப்பது எந்த ஊர் வெயில்?

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் கேட், கிரில் வேலை செய்யும் ஓர் அண்ணன் பட்டறை ஷெட் கட்டக் கேட்டு வந்தார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வெல்டிங் போட இடம், இவ்வளவுதான் தேவை. 40 அடிக்கு 20 அடி, தகர ஷீட் கூரை, ஸ்லைடிங் கதவு, பகலில் லைட் போடாமல் வேலை பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்றார். செலவைக் குறைக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் அலுவலகத்தில் 3டி படம் தயாரானது. 40 அடிப் பக்கம் சாலையைப் பார்த்தபடி, அதன் நடுவில் 12 அடிக் கதவு. கதவுக்கு இரு பக்கமும் கூரை ஷீட்டை ஒட்டி, தரையிலிருந்து 7 அடிக்கு மேல் 10 அடி வரை, வெல்ட்மெஷ் அடித்த நீளத் திறப்பு. உள்ளே இதமான வெயில் சாய்வாக இறங்கி லேத் மேல் விழுந்தது. அண்ணன் பார்த்ததுமே, "நல்லா வெளிச்சமா இருக்கே சார், இதையே போட்டிருவோம்" என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் இடத்தை அளக்கப் போனபோதுதான் உறைத்தது. மணி நாலரை. சாலை மேற்கே இருந்தது. படத்தில் இதமாக வெயில் வந்த அதே பக்கத்திலிருந்து கண்ணைத் திறக்க முடியாத வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு தவறு நடந்திருந்தது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஊரை மாற்றாவிட்டால், அது தானாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரத்தை. அது வட அட்சரேகை 40 பாகையில் இருக்கிறது. மதுரை இருப்பது 10 பாகைக்குச் சற்றுக் கீழே. போல்டரில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்தே நிற்கும். குளிர்காலத்தில் இன்னும் தாழ்ந்துவிடும். அந்தச் சாய்ந்த வெயில்தான் எங்கள் படத்தில் அழகாக விழுந்தது. இங்கே சித்திரை பிறந்த ஓரிரு நாளில் பகல் 12.17 வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை.

இரண்டாவது தவறு திசை. வரையும்போது சாலையைத் திரையின் கீழ்ப்பக்கம் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் பழக்கம். மென்பொருளுக்குக் கீழ்ப்பக்கம் என்றால் தெற்கு. ஆக, மேற்குச் சுவரைத் தெற்குச் சுவர் என்று எடுத்துக்கொண்டு, வேறொரு நாட்டு வெயிலை அதன்மேல் அடித்திருக்கிறது. படம் போட்ட தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, சரிபார்க்க வேண்டியவன் நான்.

ஊரையும் வடக்கையும் சரிசெய்து, ஏப்ரல் 15 மாலை 4.30 என்று வைத்து மறுபடி ஓட்டினோம். அந்நேரம் இங்கே சூரியன் தரையிலிருந்து 28 பாகை உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் இருக்கும். ஷீட்டை இரண்டடி வெளியே நீட்டியிருந்தும் அதன் நிழல் திறப்பில் மேலே ஓரடியை மட்டும்தான் மறைத்தது. மிச்ச இரண்டடி வழியாக வெயில் நேரே உள்ளே வந்து, சுவரிலிருந்து 13 முதல் 17 அடி வரை தரையில் பட்டையாக விழுந்தது. லேத் நிற்கும் இடம் அதுதான். சக்கில் வெயில் பட்டுக் கண்ணில் தெறிக்கும், வெர்னியர் கோடு தெரியாது. நேரம் போகப்போக அந்தப் பட்டை எதிர்ச் சுவரில் ஏறும். பட்டறையில் வேலை செய்பவர் என்ன செய்வார்? மூன்றாம் நாளே ஒரு தார்ப்பாயைக் கட்டித் திறப்பை மூடுவார். அப்புறம் பகலிலேயே ட்யூப்லைட் எரியும். வெயில் உள்ளே விழுவதை வெளிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டறைக்கு வேண்டியது வானத்தின் வெளிச்சம், சூரியன் அல்ல.

தீர்வுக்குக் கூடுதலாக ஒரு கூரை ஷீட்கூட வேண்டியிருக்கவில்லை. மனை சாலையோரம் 45 அடி, உள்ளே 60 அடி. ஷெட்டைத் திருப்பி வைத்தோம். 20 அடி முகப்பு சாலையைப் பார்க்க, 40 அடிப் பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்குமாக அமைந்தன. 7 அடிக்கு மேல் மூன்றடித் திறப்பு அதேதான், ஷீட் நீட்டல் இரண்டடி அதேதான். சூரியன் தெற்கே மிகவும் சாயும் டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் அந்த இரண்டடி நீட்டல் தெற்கே சரியாக மூன்றடியை மறைத்துவிடுகிறது. ஜூனில் சூரியன் வடக்கே போனாலும் 13 பாகைதான் சாயும், நிழல் 8 அடி இறங்கும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் கொஞ்சம் சாய்வெயில் ஓரத்தில் எட்டிப் பார்க்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். தரையிலிருந்து திறப்பின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரை நல்ல வெளிச்சம் போகும் என்பது எங்கள் தோராயக் கணக்கு. 10 அடிக்கு 20 அடி. இரண்டு பக்கமும் திறப்பு இருப்பதால் நடுவிலும் இருட்டு இல்லை. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் வடக்குத் திறப்பில் மட்டும் தகரத்தைச் சாய்த்துப் பட்டைகளாக அடிக்கச் சொன்னேன்.

கூரையிலேயே நாலு ஃபைபர் ஷீட் போட்டால் என்ன என்று அண்ணன் கேட்டார். நிறையப் பேர் கேட்பதுதான். உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கும் ஊரில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. சில வருடத்தில் பழுத்துப் போய் வெளிச்சமும் குறைந்துவிடும்.

கதவு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. முதல் படத்தில் கதவு மூடியே இருந்தது. திறந்து ஒரு படம் போட்டுப் பார்த்தபோது, ஆறடிப் பலகை இரண்டும் நகர்ந்துபோய் இருபக்கத் திறப்புகளில் ஆறாறு அடியை அடைத்துக்கொண்டு நின்றன. பகல் முழுக்கக் கதவு திறந்திருக்கும் பட்டறையில், வெளிச்சம் வேண்டிய நேரமெல்லாம் அந்த இடம் மூடியே இருக்கும். புதிய முகப்பில் கதவு வழி ஒன்பதரை அடி, இருபக்கச் சுவரும் ஐந்தேகால் அடி. ஐந்தடிப் பலகை இரண்டும் சுவருக்குள்ளேயே அடங்குகின்றன, மூடினால் ஓரத்தில் மூன்று அங்குலம் ஏறி உட்காரும். உருளை மேலே தொங்கும்படி டிராக்கையும் மேலேயே வைத்தோம். தரையில் டிராக் வைத்தால் இரும்புச் சீவல் நிரம்பி, கடப்பாரை போட்டுத்தான் கதவைத் தள்ள வேண்டியிருக்கும். கீழே ஆடாமல் பிடிக்க ஒரு கைடு போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்துதான் வரும். கதவு திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். மேலே செல்லும் காற்று வெளியிலிருந்து இழுக்கும். ஷீட் ஓரத்து ஸ்க்ரூக்கள் அதற்கேற்ப நெருக்கமாக இருக்க வேண்டும். பலமாக அடிக்கும் நாளில் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் எந்தப் படத்திலும் தெரியாது.

இன்னொன்று, படத்தின் பிரகாசம். உள்பக்கம் இருட்டாக இருந்தால் மென்பொருள் கேமராவே தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். அழகுக்காக உள்ளே கண்ணுக்குத் தெரியாத விளக்கு வைப்பவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது. திறப்புக்கு வெளியே வானமும் மரமும் வெளுத்துப்போகாமல் தெளிவாகத் தெரிந்து, உள்ளே மூலைகூடப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். திறப்புகளை எல்லாம் மூடி ஒரு படம் போடச் சொல்லுங்கள். கும்மிருட்டாக வர வேண்டும். வராவிட்டால் உள்ளே விளக்கு இருக்கிறது. சுவரையும் ஷீட்டின் அடிப்பக்கத்தையும் தூய வெள்ளையாக வைக்காமல் சாம்பல் நிறத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் புகை ஒரு வருடத்தில் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இப்போது நாங்கள் ஒரு ஷெட்டுக்கு உள்பக்கப் படம் மூன்று கொடுக்கிறோம். சித்திரை மாலை நாலரை, டிசம்பர் உச்சிப்பொழுது, ஐப்பசியில் மூடிய வானம். மூன்றிலும் கேமரா அமைப்பு ஒன்றே. ஒவ்வொன்றின் கீழும் ஊர், தேதி, மணி, வடக்கு அம்புக்குறி அச்சிட்டிருக்கும். யாராவது உங்களுக்குக் கொடுக்கும் படத்தில் இந்த நாலும் இல்லையென்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.