இலைத்துளையும் ஸ்டொமேட்டாவும் ஒரே கேள்வி அல்ல

திருப்பூர் அருகே நான் அறிவியல் கற்பிக்கும் எட்டாம் வகுப்பில், பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், ஆங்கில வழியிலிருந்து இடையில் மாறி வந்தவர்களும், தமிழில் மட்டுமே எழுதிப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் இரு மொழிகளிலும் கொள்குறி வினாக்கள் தயாரித்தபோது, தமிழ் வினாவை மொழிபெயர்த்து அருகிலேயே அச்சிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

இலையில் வாயுப் பரிமாற்றம் நடக்கும் துளையின் பெயரைக் கேட்டிருந்தேன். தமிழில் படித்தவர்களுக்குக் கேள்வியிலுள்ள ‘இலை’யும் ‘துளை’யும் சேர்ந்து விடையைத் தந்துவிட்டன, ஆங்கிலத்தில் படித்தவர்களோ ‘ஸ்டொமேட்டா’ என்பதை மனப்பாடமாக அறிந்திருந்தால்தான் தப்பிக்க முடியும். (அதுவும் வாய் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்தான், ஆனால் எங்கள் வகுப்பில் கிரேக்கம் தெரிந்தவர் எவருமில்லை.) பச்சை நிறம் தரும் பொருளைக் கேட்டாலும் ‘பச்சையம்’ தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே பெயர் கேட்பதை விட்டு, நிகழ்வைக் கேட்கத் தொடங்கினேன். ‘மரவள்ளிக் கிழங்கிலுள்ள மாவு பெரும்பாலும் எவற்றிலிருந்து உண்டாகிறது?’ என்பது அத்தகைய ஒரு வினா. மண், உரம், காற்றும் நீரும், சூரிய ஒளி என நான்கு விடைகள் கொடுத்தேன். தவறாக எழுதியவர்களுக்கு மறுநாள் அதே வினாவை மற்ற மொழியில், விடைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்து, காரணத்தையும் ஒரு வரியில் கேட்டேன். குருட்டு ஊகத்தில்கூட நான்கில் ஒன்று சரியாகிவிடும் என்பதால் காரணம் அவசியம்.

ஆங்கிலத்தில் தவறிய ஒரு மாணவன் தமிழில் சரியாக எழுதினான். அவனைத் தடுத்தது மொழி என்பதால், அவனுக்குரிய தாளில் CO₂ இலைக்குள் செல்வதையும் O₂ வெளியேறுவதையும் அம்புக்குறிகளால் வரைந்தேன். ஒடிசாவிலிருந்து வந்த மாணவியோ இரண்டு தாள்களிலும் உரத்தையே தேர்ந்தெடுத்து, ‘உரம் போட்டால்தானே கிழங்கு பெருக்கிறது’ என்று வாய்மொழியாகக் காரணமும் சொன்னாள். இது மொழிக் குறை அன்று. தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கும் இதே எண்ணம் இருந்தது.

அவர்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட்டின் சோதனையைச் சொன்னேன். தொட்டியில் நட்ட வில்லோ மரம் 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 74 கிலோ கூடியது. மண்ணோ சுமார் 57 கிராம் மட்டுமே குறைந்தது. அந்த எடை முழுவதும் நீரிலிருந்தே வந்ததாக அவர் முடிவு செய்தார்; காற்றின் பங்கை அவர் அறியவில்லை. உரம் தாதுச் சத்துகளைத் தருகிறது, மாவின் கார்பனையோ காற்றிலுள்ள CO₂ தருகிறது என்று விளக்கியபின், மூன்றாம் முறை அந்த மாணவி சொல் எதுவும் எழுதவில்லை; இலையை வரைந்து, காற்றிலிருந்து ஓர் அம்பையும் வேரிலிருந்து ஓர் அம்பையும் இட்டிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.