‘கொத்து’ என்று பெயர் வைத்தால் சாப்பாட்டுப் படம் என்றுதான் நினைப்பார்களா?

கடந்த ஆண்டு ஓர் இரவு, வெள்ளவத்தையில் நான் படத்தொகுப்பும் சப்டைட்டிலும் செய்யும் சிறிய அறைக்கு ஓர் இளம் இயக்குநர் வந்தார். கையில் 13 நிமிடக் குறும்படம். இரண்டு வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பி, இரண்டிலும் தெரிவாகவில்லை. ஒன்றிலிருந்து மட்டும் ஒரு வரிப் பதில் வந்திருந்தது: இந்தப் பிரிவில் உணவு பற்றிய ஆவணப்படங்களை எடுப்பதில்லை. “அக்கா, இது ஆவணப்படமே இல்லையே” என்றார். முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது.

படத்தைப் பார்த்தேன். கிளிநொச்சிப் பக்கத்து இளைஞன் ஒருவன் கொழும்பின் காலி வீதியோரக் கடையில் இரவு முழுவதும் கொத்து ரொட்டி போடுகிறான். தாயிடம் அலுவலக வேலை என்று சொல்லியிருக்கிறான். அவள் அழைக்கும்போதெல்லாம் இரும்புத் தட்டில் தகடுகள் அடிபடும் ஓசை கேட்கிறது. “பின்னால் என்ன சத்தம், தம்பி?” என்று கேட்கிறாள். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள் என்கிறான். கடைசிக் காட்சியில் தாய் ஊரில் அரிசி அளக்கிறாள். அளந்து முடித்ததும், கையிலிருக்கும் கொத்துப் பேணியைச் சாக்கின் விளிம்பில் தட்டுகிறாள். மகனின் தகடுகள் போடும் அதே தாளம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

படத்தின் பெயர் ‘கொத்து’. தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயரை நான் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மகன் போடுவதும் கொத்து, தாய் அளப்பதும் கொத்து. நான்கு சுண்டு ஒரு கொத்து என்று அளந்து வளர்ந்தவர்களுக்கு, அந்தக் கடைசித் தட்டலில் தொண்டை அடைக்கும். பிழை அந்தப் பெயரில் இல்லை. அதை அப்படியே ஆங்கில எழுத்தில் “Kottu” என்று மாற்றி, விண்ணப்பத்தின் முதற்கட்டத்தில் தட்டியதில்தான் இருந்தது.

விழாவின் தெரிவாளர் நம் படத்தை எப்படிச் சந்திக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முன்னால் ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு வரியிலும் சிறிய சுவரொட்டிப் படம், பெயர், நாடு, ஓடும் நேரம், இரண்டு வரிக் கதைச்சுருக்கம். நம்முடையதில் “Kottu”, Sri Lanka, புகை எழும் இரும்புத் தட்டின் படம். இணையத்தில் அந்தச் சொல்லைத் தேடினால் வருவது சமையல் குறிப்புகளும் சுற்றுலாக் காணொளிகளும்தான். எழுத்துக் கூட்டலைச் சிறிது மாற்றினால் 2022இல் வந்த ஒரு மலையாள முழுநீளப் படம் முன்னால் வந்து நிற்கும். படம் ஓடத் தொடங்கும் முன்பே தெரிவாளரின் மனத்தில் ஓர் உணவுப் படம் ஓடத் தொடங்கியிருக்கும். பெயரால்தான் நிராகரித்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. படங்கள் நூறு காரணங்களுக்காக விடுபடுகின்றன. ஆனால் அந்த ஒரு வரிப் பதில், பெயர் தவறான கதவைத் திறந்துவிட்டது என்பதை எனக்குப் போதுமான அளவு காட்டியது.

இயக்குநர் பெயரையே மாற்றிவிடலாம் என்றார். அவரிடம் வேறு இரண்டு பெயர்கள் இருந்தன: ‘பொய்’, ‘அம்மாவுக்குத் தெரியும்’. எந்தப் படத்துக்கும் நான் செய்யும் ஒரு சோதனையை இதற்கும் செய்தோம். படம் பார்க்காத ஐந்து பேரிடம் பெயரை மட்டும் காட்டி, இது என்ன கதையாக இருக்கும் என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். பிறகு படத்தைப் போட்டுவிட்டு, ஏன் இந்தப் பெயர் என்று மீண்டும் ஒரு வரி எழுதச் சொல்வேன். இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நான் பார்க்கிறேன்.

‘அம்மாவுக்குத் தெரியும்’ என்ற பெயருக்கு ஐவரும் படம் பார்க்கும் முன்பே முடிவை எழுதிவிட்டார்கள். தூரமே இல்லை, 13 நிமிடம் காத்திருந்து அடைய வேண்டியதைப் பெயர் முதல் நொடியில் கொடுத்துவிடுகிறது. ‘பொய்’ என்ற பெயருக்கு, “யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள்” என்று படத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே வரி. அதோடு அந்தச் சொல் மகனைக் குற்றவாளியாக்குகிறது. படம் அவனை அப்படிப் பார்க்கவில்லை. ‘கொத்து’ என்ற பெயருக்கு நான்கு பேர் ரொட்டிக் கடை என்று எழுதினார்கள். வவுனியாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மட்டும், “அரிசிக் கொத்தா, சாப்பிடும் கொத்தா?” என்று என்னிடமே கேட்டார். படம் முடிந்ததும் ஐவரும் அந்தத் தகரப் பேணியைப் பற்றித்தான் எழுதினார்கள்.

பெயரில் மர்மம் என்று நான் சொல்வது இதைத்தான். எதையும் மறைக்காத, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சொல். படம் முடியும்போது அதே சொல் வேறொன்றாகிவிடுகிறது. மர்மம் வேண்டும் என்பதற்காக ‘நிழல்’, ‘மௌனம்’, ‘அது’ என்று வைக்கப்படும் பெயர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவற்றுக்கு முன்வரியும் எழுத முடியாது, பின்வரியும் எழுத முடியாது. எந்தப் படத்துக்கும் பொருந்தும் பெயர் பார்வையாளரிடம் எந்தக் கேள்வியையும் எழுப்பாது. படம் பிடித்தவர் கூட இரண்டு நாளில் பெயரை மறந்துவிட்டு, “அந்த அம்மா போன் எடுக்கும் படம்” என்றுதான் சொல்வார்.

ஆகவே தமிழ்ப் பெயரில் கைவைக்கவில்லை. ஆங்கிலப் பெயரை மொழிபெயர்ப்பாக அல்லாமல் தனியாகச் செய்ய முடிவெடுத்தோம். கொத்து என்ற சொல்லின் இரட்டைப் பொருள் ஆங்கிலத்துக்குக் கடந்து போகாது. அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்தால் கடை போய்விடும். உணவை வைத்தால் தாய் போய்விடுவாள். ஆனால் படத்துக்குள் மொழி கடந்து போகக்கூடிய ஒன்று இருக்கிறது: அந்தச் சத்தம். தாயின் கேள்வியையே எடுத்தோம். முதலில் இயக்குநர் அதைக் கேள்விக்குறியோடு எழுதினார். விண்டோஸ் கணினியில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி ஏறாது, விழாக்காரர்கள் கோப்பைச் சேமிக்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வெட்டுவார்கள் என்று சொன்னேன். கடைசியில் நின்றது “That Noise Behind You”. தமிழ் தெரியாத மூன்று நண்பர்களிடம் அதே சோதனையைச் செய்தோம். படத்துக்கு முன் ஒருவர் பேய்ப்படமா என்று எழுதினார். அது எனக்குச் சிறிது கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஐயத்தைக் கதைச்சுருக்கத்தால் தீர்க்கலாம்.

கதைச்சுருக்கமும் பெயரும் ஒன்று சொன்னதை மற்றது சொல்லக்கூடாது. பழைய சுருக்கம், தாய்க்கு உண்மை தெரிந்தே இருந்தது என்று முடிந்தது. புதியதன் பொருள் இதுதான்: “கொழும்பில் அலுவலக வேலை என்று தாயிடம் சொல்லிவிட்டு, இளைஞன் ஒருவன் இரவுக் கடையில் ரொட்டி கொத்துகிறான். ஒவ்வோர் அழைப்பிலும் தாய் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.” யார், எங்கே, என்ன சிக்கல் என்ற தெளிவு முழுவதும் இங்கே வந்துவிடுகிறது. கேள்வி என்ன என்பது பெயரில் இருக்கிறது. அவளுக்குப் பதில் தெரியுமா என்பது படத்தில். சுவரொட்டியிலிருந்து புகையும் தட்டை எடுத்துவிட்டு, காதில் தொலைபேசியோடு நிற்கும் அவனுடைய முதுகை வைத்தோம்.

இனி, பலர் இடறும் இடம். விழாக்களுக்கு விண்ணப்பிக்கும் FilmFreeway போன்ற தளங்களில் முதன்மைப் பெயருக்கு ஓர் இடமும், ஆங்கிலம் அல்லாத மூலப் பெயருக்கு வேறோர் இடமும் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அங்கே தமிழ் எழுத்திலேயே ‘கொத்து’ என்று இட்டோம். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரைக் கேட்கும் விழாக்களுக்காக “Koththu”, “Kothu”, “Kottu” ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். கொழும்பில் கடைப் பலகைகளில் இருக்கும் “Kottu” என்பதே எங்கள் தெரிவு. மற்ற இரண்டும் பிழை என்பதற்காக அல்ல, ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதற்காக. முன்பு நான் வேலை செய்த ஒரு படத்தில் விண்ணப்பத்தில் ஓர் எழுத்துக் கூட்டல், சுவரொட்டியில் இன்னொன்று, சப்டைட்டில் கோப்பில் மூன்றாவது. விழாக் கையேட்டில் ஒரு பெயர் வந்தது, சான்றிதழில் வேறு பெயர் வந்தது. அந்தச் சான்றிதழை வைத்து இயக்குநர் வேறெங்கும் விண்ணப்பிக்க முடியாமல், திருத்தித் தரச் சொல்லி மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

படத்துக்குள் வரும் பெயர்ப்பலகையும் முக்கியம். ‘கொத்து’ என்று தமிழில் மட்டும் திரையில் வந்தால், அறையிலிருந்து படத்தைத் திரையிடுபவருக்குத் தான் போட்டது சரியான படமா என்றே தெரியாது. தமிழ்ப் பெயர் பெரிதாக, அதன் கீழே ஆங்கிலப் பெயர் சிறிதாக வைத்தோம். சப்டைட்டிலாக அல்லாமல் படத்திலேயே பதித்தோம், சப்டைட்டில் கோப்பு மாறினாலும் அது மாறாது. அந்த வேலையின்போதே, தாய் மகனைத் ‘தம்பி’ என்று அழைப்பதை யாரோ சகோதரன் என்று மொழிபெயர்த்திருந்ததையும் திருத்தினேன். அந்த ஒரு சொல் நின்றிருந்தால், பெயருக்குள் இருக்கும் கேள்வியை யார் கேட்கிறார் என்பதே புரிந்திருக்காது.

திரையரங்குக்கான DCP கோப்பின் பெயரிடல் மரபில் படத்தின் பெயருக்கு 14 எழுத்துகள்தான் இடம். நாம் சுருக்கிக் கொடுக்காவிட்டால் கோப்புச் செய்பவர் பதினான்காம் எழுத்தில் வெட்டிவிடுவார். “ThatNoiseBehin” என்று நிற்கும். நாங்களே கொடுத்தது இது. SHR என்பது குறும்படத்தைக் குறிக்கும்:

```
ThatNoise_SHR
```

இவ்வளவையும் முதல் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பணம்தான். ஒரு விழாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 25 டாலர் என்றால், டாலர் 300 ரூபாய் அளவில், 7500 ரூபாய். அந்த இயக்குநர் இரண்டு முறை அதை இழந்துவிட்டார். பெயரைத் தளத்தில் பிறகும் மாற்றலாம். ஆனால் பழைய பெயரில் படத்தைப் பார்த்து முடித்த தெரிவாளரின் குறிப்பிலும், அச்சுக்குப் போன கையேட்டிலும் அது மாறாது. ஏற்கெனவே அனுப்பிய அந்த இரண்டு விழாக்களையும் விட்டுவிட்டு, புதிய பெயரோடு வேறு ஐந்து விழாக்களுக்கு அனுப்பினோம். யாழ்ப்பாணத்தில் நண்பர்களுக்குத் திரையிட்டபோது மட்டும் ஆங்கிலப் பெயரை அழைப்பிதழில் போட வேண்டாம் என்றார் இயக்குநர். ‘கொத்து’ என்று மட்டும் போட்டோம்.