ஸ்டாக் மைனஸில் விழுந்த பில்லை விடுங்கள், அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள்

"தம்பி, சாமான் என் கண்ணு முன்னாடி அடுக்கி இருக்கு. உங்க கம்ப்யூட்டர் மைனஸ் முந்நூத்து இருபத்து நாலுங்குது. எது பொய் சொல்லுது?"

எலக்ட்ரிக்கல் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி போனில் கேட்டது இது. கணக்கு மென்பொருள் பராமரிப்பும் ஸ்டாக் சரிபார்ப்பும்தான் என் பிழைப்பு. இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கடைக்காரர்கள் பெரும்பாலும் "சாஃப்ட்வேர் கோளாறு" என்ற முடிவோடுதான் பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது கூட்டலும் கழித்தலும்தான். வந்ததைக் கூட்டாமல் போனதைக் கழித்தால் மைனஸ் வராமல் என்ன செய்யும்? எந்த வரவு கூட்டப்படவில்லை, எது தப்பாகக் கூட்டப்பட்டது என்று தேடுவதுதான் வேலை.

அந்தக் கடையில் சிக்கிய பொருள் 1.5 ஸ்கொயர் எம்.எம். கருப்பு ஒயர். ஒரு காயில் 90 மீட்டர். காயிலாகவும் விற்பார்கள், கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டியும் கொடுப்பார்கள். அதனால் இருப்பு மீட்டரில்தான் ஓடும்.

நான் போவதற்குள் கடைப்பையன் மாதவாரிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, மார்ச் வரை எல்லாம் சரி, ஏப்ரலில்தான் ஏதோ ஆகிவிட்டது என்றான். மாதச் சுருக்கம் மாதக் கடைசியில் நின்ற எண்ணை மட்டும்தான் காட்டும். நடுவில் மைனஸுக்குப் போய் மாதக் கடைசிக்குள் ஏறிவிட்டால் அதில் ஒன்றுமே தெரியாது. டேலி வைத்திருப்பவர்கள் `Exception Reports` உள்ளே `Negative Stock` பார்த்தாலும் மைனஸில் இருக்கும் பொருட்களின் பட்டியல்தான் வரும், காரணம் வராது. பொருளைத் தேர்ந்தெடுத்து, மாதத்துக்குள் போய், வவுச்சர் வவுச்சராக விரித்து, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் இருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சொந்தமாக டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரி ஒரு கேள்வி போதும்:

```sql
SELECT txn_date, voucher_no, txn_type, qty,
       SUM(qty) OVER (ORDER BY txn_date, entry_id) AS balance
FROM stock_ledger
WHERE item_code = 'W15-BLK' AND godown = 'SHOP'
ORDER BY txn_date, entry_id;
```

ஒரு பொருள், ஒரு குடோன். இரண்டு குடோனைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் மைனஸை இன்னொன்றின் பிளஸ் மூடிவிடும். தொடங்கும் இடமும் முக்கியம். கடைசியாகக் கையால் எண்ணிச் சரி என்று ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கடையில் அது ஏப்ரல் 1. அன்று 3 காயில், அதாவது 270 மீட்டர்.

| தேதி | நடந்தது | மீட்டர் | இருப்பு |
|---|---|---|---|
| 1 | ஆரம்ப இருப்பு | | 270 |
| 3 | விற்பனை, 2 காயில் | −180 | 90 |
| 5 | விற்பனை, வெட்டியது | −60 | 30 |
| 5 | விற்பனை, 1 காயில் | −90 | −60 |
| 7 | கொள்முதல், 10 காயில் | +900 | 840 |
| 9 | விற்பனை, 5 காயில் | −450 | 390 |
| 12 | விற்பனை, 4 காயில் | −360 | 30 |
| 13 | கொள்முதல் | +6 | 36 |
| 15 | விற்பனை, 2 காயில் | −180 | −144 |
| 16 | விற்பனை, 3 காயில் | −270 | −414 |
| 18 | திரும்பி வந்தது, 1 காயில் | +90 | −324 |

இருப்பு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போன இடங்கள் இரண்டு, 5ஆம் தேதியும் 15ஆம் தேதியும். கடையில் எல்லோரும் 15ஆம் தேதி பில்லைப் போட்ட பையனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு இருப்பு மேலே வரவே இல்லை. நான் எப்போதும் முதல் மைனஸிலிருந்துதான் தொடங்குவேன். முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதைத் தொட்டால் எண்கள் எல்லாம் மாறி, பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டிவரும்.

5ஆம் தேதி கையில் 30 மீட்டர்தான் என்று கணினி சொல்கிறது, ஆனால் ஒரு முழு காயில் விற்றிருக்கிறது. இல்லாத சாமானை யாராலும் தூக்கிக் கொடுக்க முடியாது. அப்படியானால் வரவு ஏதோ ஒன்று பின்தங்கியிருக்கிறது. 7ஆம் தேதி கொள்முதலின் மூல பில்லை எடுக்கச் சொன்னேன். சப்ளையர் பில் தேதி 4, லாரி ரசீதிலும் 4. சாமான் அன்று சாயங்காலமே இறங்கி, மறுநாள் விற்பனைக்கும் வந்துவிட்டது. கணக்குப் பிள்ளை ஊருக்குப் போயிருந்ததால் என்ட்ரி 7ஆம் தேதி விழுந்தது. போட்ட நாளையே வவுச்சர் தேதியாக விட்டுவிட்டார்.

ஒவ்வொரு என்ட்ரிக்கும் இரண்டு தேதி உண்டு. சாமான் அசைந்த தேதி ஒன்று, அதை விசைப்பலகையில் தட்டிய தேதி இன்னொன்று. மேலே உள்ள கேள்வியில் `txn_date` வரிசையை எடுத்துவிட்டு, `entry_id` வரிசையில் மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்ட்ரி வரிசையில் மைனஸ், தேதி வரிசையில் மைனஸ் இல்லை என்றால் தாமதமாகப் போட்டு, தேதியைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிடலாம். இரண்டிலும் மைனஸ் என்றால் தேதியே தப்பு, அல்லது அளவு தப்பு. இங்கே தேதி தப்பு. அதை 4க்கு மாற்றியதும் 5ஆம் தேதி மாலை இருப்பு 840 ஆகிவிட்டது. இந்த வகை மைனஸ் பின்னால் வரும் வரவில் தானாக ஆறிவிடும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரே தேதியில் வரவும் செலவும் இருந்தால் இன்னொரு குழப்பம். மணி நேரம் பதியாத அமைப்பில் எது முதலில் நடந்தது என்று கணினிக்குத் தெரியாது, என்ட்ரி எண்ணை வைத்து அடுக்கும். அன்றைக்குள் விழுந்து அன்றைக்குள் ஏறிய மைனஸுக்காக நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

சரி, இப்போது 15ஆம் தேதி. இது தானாக ஆறவில்லை. மைனஸ் விழுந்த பில்லில் 2 காயில் விற்றிருக்கிறது, அளவில் தப்பில்லை. அதற்கு மேலே போனால் 13ஆம் தேதி கொள்முதல் வெறும் 6 மீட்டர். மொத்தக் கடை ஒன்று சப்ளையரிடம் 6 மீட்டர் ஒயர் வாங்குமா? மூல பில்லில் 6 காயில், காயிலுக்கு 1,800 ரூபாய், மொத்தம் 10,800. என்ட்ரி போட்டவர் அலகை மீட்டரில் விட்டு, 6 என்று அடித்து, விலை 1,800 என்று கொடுத்திருக்கிறார். ஆறு பெருக்கல் ஆயிரத்து எண்ணூறு, அதே 10,800. சப்ளையர் கணக்கு பைசா சுத்தமாக நின்றது, வரியும் சரி. பணத்தை வைத்து மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை எந்தக் காலத்திலும் அகப்படாது.

ஆனால் விலையில் தடயம் விட்டுப் போயிருக்கும். அன்று காலை இருந்த 30 மீட்டர், மீட்டருக்கு 20 ரூபாய் வீதம் 600. அதோடு 10,800 சேர்ந்தால் 36 மீட்டருக்கு 11,400 ரூபாய். சராசரி அடக்க விலை மீட்டருக்கு 316 ரூபாய்க்கு மேல்! அந்தப் பொருளின் லாபக் கணக்கைத் திறந்தால் அடுத்த விற்பனையே பெரும் நஷ்டமாக நிற்கும். மைனஸ் தெரிந்த பொருளுக்கு அளவோடு அடக்க விலையையும் பாருங்கள். விலை ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் துள்ளியிருந்தால் அலகுப் பிழை என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

6 மீட்டரை 540 ஆக்கினோம். −324 என்பது 210 ஆனது. பிளஸ் வந்துவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. அண்ணாச்சி காபி சொல்லிவிட்டார். நான் எழுந்து போய் அடுக்கை எண்ணினேன். முழு காயில் மூன்று, வெட்டிய துண்டு 30 மீட்டர். மொத்தம் 300. கணக்கை விட 90 மீட்டர் கூடுதல்.

இருப்பு கூடுதலாக இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு அதுதான் உறுத்தும். முழுதாக ஒரு காயில் கணக்கில் விற்றுப் போயிருக்கிறது, அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று அதற்குப் பதிலாக வெளியே போயிருக்க வேண்டும். பக்கத்து அடுக்கில் சிவப்பை எண்ணினோம். கணக்கில் 450, கையில் 360. அதே 90.

பில் போடும் திரையில் `1.5` என்று அடித்தால் அகர வரிசையில் `Black` முதலில் வரும், `Red` கீழே. அவசரத்தில் என்டர் தட்டினால் கருப்புதான். அதனால் ஒரே வரியில் கருப்பு மட்டும் இருக்கும் பில்களை எடுத்து, வாங்கியவர்களிடம் கேட்டோம். 15ஆம் தேதி வாங்கிய எலக்ட்ரீஷியன் போனில் சொன்னார், "ஒண்ணு செவப்பு, ஒண்ணு கருப்புல்லா வாங்கினேன்." ஆக, எல்லோரும் முறைத்த அந்தப் பில்லில் ஒரு தப்பு இருந்தது உண்மைதான். ஆனால் மைனஸுக்குக் காரணம் அது இல்லை. கொள்முதல் சரியாக விழுந்திருந்தால் அந்தப் பில்லுக்குப் பிறகும் இருப்பு 390 நின்றிருக்கும்.

நான் போவதற்கு முன் அண்ணாச்சியின் மருமகன் ஒரு யோசனை வைத்திருந்தார். கையில் இருப்பதை எண்ணி, வித்தியாசம் 624 மீட்டரை சரிக்கட்டு வவுச்சராகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று. போட்டிருந்தால் அன்றைக்கு 300 என்று அழகாகக் காட்டியிருக்கும். ஆடிட்டர் ஆண்டு முடிவில் 13ஆம் தேதி கொள்முதலைப் பார்த்து அலகைத் திருத்தும்போது இன்னொரு 534 மேலே ஏறி, 300 இருக்க வேண்டிய இடத்தில் 834 நிற்கும். சிவப்பின் பற்றாக்குறையோ திருட்டுக் கணக்கில் போயிருக்கும், யாராவது ஒரு பையன் பழி சுமந்திருப்பான். சரிக்கட்டு வவுச்சர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. எல்லா வரியையும் பார்த்து முடித்து, காரணம் தெரியாமல் மிஞ்சுவதற்கு மட்டும் அது.

இந்தக் கடையில் இல்லாத, ஆனால் நான் அடிக்கடி பார்க்கும் இன்னும் இரண்டு உண்டு. டெலிவரி நோட்டில் ஒருமுறை கழித்துவிட்டு, அதோடு இணைக்காமல் தனியாக விற்பனை பில் போட்டால் அதே சாமான் இரண்டாம் முறை கழியும். ஒரே வாடிக்கையாளர், ஒரே அளவு, ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு வரி இருந்தால் அங்கே நில்லுங்கள். இன்னொன்று, நேற்று வரை சரியாக இருந்த பொருள் இன்று திடீரென்று பழைய தேதியில் மைனஸ் காட்டுவது. அப்போது யாரோ பழைய கொள்முதலைத் திருத்தியிருக்கிறார்கள், அல்லது அழித்திருக்கிறார்கள். அழித்த என்ட்ரி எந்த வரிசையிலும் வராது. வவுச்சர் எண்ணில் விழுந்த இடைவெளியும், திருத்தப் பதிவு இயக்கத்தில் இருந்தால் அதுவும், நேற்றைய பேக்கப்பும்தான் கைகொடுக்கும்.

அண்ணாச்சி கடையில் கடைசியாகச் செய்தது ஒரே ஒரு சின்ன வேலை. இருப்பு மைனஸுக்குப் போனால் பில் போடும்போதே எச்சரிக்கும் வசதியை அணைத்து வைத்திருந்தார்கள், கூட்ட நேரத்தில் இடைஞ்சல் என்று. அதை மறுபடி போட்டுவிட்டேன். பில்லை நிறுத்தாது, எச்சரிக்க மட்டும் செய்யும். பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எச்சரிக்கை வந்த பில் எண்ணை மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். சாயங்காலம் கணக்குப் பிள்ளை அந்த எண்களை எடுத்துக்கொண்டு, அன்று இறங்கிய சரக்கின் பில் கட்டைத்தான் முதலில் பிரிக்கிறார்.