கிரியேட்டின் கேள்விக்குள் இருந்த பயம்

"டாக்டர், கிரியேட்டின் சாப்பிட்டா கிட்னி போயிடுமா?" கேட்டவர் 23 வயது இளைஞர், தசை ஏற ஜிம்முக்குப் போகிறவர்கள் எடுக்கும் கிரியேட்டின் பவுடரை எடுப்பவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் நீட்டிய ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4 என்று, கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கிரியேட்டின் உடலில் சிதைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது. பவுடர் எடுத்தாலோ தசை அதிகமாக இருந்தாலோ, சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் கொஞ்சம் ஏறலாம். சந்தேகம் வந்தால், தசையின் அளவைப் பொறுத்து அவ்வளவாக மாறாத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்பது பயப்பட வேண்டிய அளவு இல்லை. ஆனால் இதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். சிஸ்டாட்டின்-சி பார்த்து, இயல்பு என்ற முடிவும் வந்துவிட்டது. நான் மூன்றாவது மருத்துவர். பதில் கிடைத்த பிறகும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், பயம் வேறு எங்கோ இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

"சரி தம்பி, ஒரு மாசம் நிறுத்திப் பார்ப்போமா?"

முகம் வெளுத்துவிட்டது. "சுருங்கிடுவேன் டாக்டர்."

கிரியேட்டினை நிறுத்தினால் தசையில் தேங்கிய நீர் வடிந்து ஒரு கிலோ போல எடை குறையலாம். அவருக்கு அது தசையே கரைந்துபோவதாகத் தெரிந்தது. அப்புறம்தான் மெல்லப் பேச ஆரம்பித்தார். தினமும் நான்கு முறை கையை நாடாவால் அளக்கிறார். ஜிம் முடிந்ததும் தசை ரத்தம் ஏறிப் புடைத்திருக்கும், இரவுக்குள் வடிந்துவிடும். அந்தக் கால் அங்குலத்துக்காகத் தூக்கம் கெடுகிறது. பார்க்க நல்ல கட்டுமஸ்தான உடல். மே மாத வெயிலில் டி-ஷர்ட்டுக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், "ஒல்லியா தெரியுறேன்" என்று. அக்கா கல்யாணத்தில் பந்தியில் உட்காரவில்லை, புகைப்படத்திலும் நிற்கவில்லை.

எவ்வளவு தசை இருந்தாலும் ஒல்லியாகத்தான் இருக்கிறோம் என்று மனம் வதைக்கும் இந்த நோய்க்கு மசில் டிஸ்மார்பியா என்று பெயர். ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் குழு 1997-இல் வைத்தது. ஜிம்மில் ஆர்வம் உள்ளவர் ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் போய்க்கொள்வார். இவர்களால் அந்த ஒரு நாளைத் தாங்க முடியாது. வீட்டில் "நல்லாத்தானே இருக்கே" என்று சொல்வது பாசத்தில்தான். ஆனால் அந்த ஆறுதல் ஐந்து நிமிடம்கூட நிற்காது, மறுபடி கேட்கத்தான் வைக்கும்.

நான் பவுடரைப் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் அடுத்த முறை வந்திருக்க மாட்டார். நாடாவில் ஆரம்பித்தோம்: நாளுக்கு ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை. அடுத்து அரைக்கைச் சட்டையோடு தெருமுனைக் கடைவரை போய்வருவது. போகும் முன் எதற்குப் பயந்தார், உண்மையில் என்ன நடந்தது, இரண்டையும் எழுதி வரச் சொன்னேன். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையும் கொடுத்தேன். இந்த நோய்க்கு அது வேலை செய்ய மூன்று மாதம்கூட ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது ஞாயிறு காலை மட்டும் அளக்கிறார். இந்தப் பயத்தில் சிலர் தசை ஏற்றப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி பக்கம் போகவில்லை என்கிறார். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.